ஐயோ, அடடா: ஆங்கிலத்தில் எதைச் சொல்வது? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐயோவுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் எது? அகராதியில் அலாஸ் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஆபீஸில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதே இல்லையே.

கேட்டிருக்க மாட்டீர்கள். அலாஸ் இன்றைய பேச்சில் புழங்கும் சொல் இல்லை. பழைய நாடகங்களிலும் செய்யுளிலும் நிறைய வரும். இப்போது யாராவது எழுதினால், 'என்ன செய்வது, அது நடக்கவில்லை' என்கிற பொருளில் கொஞ்சம் அலங்காரமாக வாக்கியத்துக்குள் வைத்து எழுதுவார்கள். மாடிப்படியில் கால் தவறுகிறவர் வாயிலிருந்து அது வரவே வராது. ஆகவே கதையோ உரையாடலோ மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்லை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக வைக்க ஒரே சொல்லும் கிடையாது. ஐயோ பல வேலை செய்கிறது. பையில் பர்ஸைக் காணோம் என்றால் வருகிற ஐயோவுக்கு ஓ நோ போதும். சூடான குக்கரில் கை பட்டதும் வருவது ஆவ் அல்லது அவுச். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடும்போது தெருவில் எழும் 'ஐயோ, யாராவது வாங்களேன்' என்பதற்கு ஹெல்ப் என்பதுதான் சரி. அங்கே ஓ நோ என்று எழுதினால் கூப்பாடு முணுமுணுப்பாகிவிடும். ஐயோ ஊரைக் கூட்டும் குரல் என்பது மிகப் பழைய சங்கதி. புறநானூற்றின் 255-ஆம் பாட்டில், காட்டில் வீழ்ந்து கிடக்கும் கணவன் பக்கத்தில் நிற்கிற பெண், 'ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே' என்கிறாள். வாய்விட்டுக் கத்தினால் புலி வந்துவிடுமே என்று பயம். அவ்வளவு தூரம் கேட்கிற சத்தம் அது.

எனவே சொல்லைத் தேடும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நேர்ந்தது யாருக்கு? எவ்வளவு பெரியது? யார் காதில் விழுகிறது? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

ஐயோ, அடடா இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

நிற்கும் இடம் வேறு. ஐயோ சொல்கிறவர் நடந்ததற்கு உள்ளே இருக்கிறார். அடடா சொல்கிறவர் ஓரடி தள்ளி நின்று பார்க்கிறார்.

ஒரு சிறுவன் சைக்கிளிலிருந்து விழுகிறான். அம்மா 'ஐயோ' என்று ஓடி வருகிறாள். எதிர்க் கடைக்காரர் 'அடடா, பாத்து ஓட்டக் கூடாதா தம்பி' என்கிறார். இடம் மாற்றிப் பாருங்கள். அம்மா 'அடடா' என்றால் அவள் மனசு கல்லாகத் தெரியும். கடைக்காரர் 'ஐயோ' என்றால் அடி பலம் என்று அர்த்தமாகிவிடும். உங்கள் கையே சுட்டுக்கொண்டால் அடடா வாயில் வராது. வலி உள்ளே இருக்கும்போது தள்ளி நின்று பார்க்க முடியாது அல்லவா?

இந்தத் தூரம் புரிந்தால் அடடாவின் மற்ற முகங்களும் தெரியும். தள்ளி நின்று பார்க்கிறவருக்குத்தான் ரசிக்க முடியும். அதனால்தான் கச்சேரியில் ஒரு நல்ல சங்கதி விழும்போது 'அடடா' என்கிறோம். தள்ளி நிற்பதால்தான் வருத்தத்தோடு கொஞ்சம் கணிப்பும் சேர்கிறது: 'அடடா, அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கலாமே.' அதே தூரம் எரிச்சலுக்கும் இடம் கொடுக்கிறது: 'அடடடடா, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!'

ஆங்கிலத்தில் ஐயோவின் பக்கம் நிற்பவை ஓ நோ, ஓ மை காட், ஆவ். அடடாவின் பக்கம் நிற்பவை ஓ டியர், வாட் அ பிட்டி, வாட் அ ஷேம். கடைசியாகச் சொன்னதைப் பார்த்து நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள், ஷேம் என்றால் வெட்கம் ஆயிற்றே என்று. இந்தத் தொடரில் வெட்கத்துக்கு இடமில்லை. 'இப்படி ஆகிவிட்டதே' என்பதுதான் பொருள். மழையால் ஆட்டம் நின்றுபோனதற்கும் சொல்லலாம். ஆனால் ஷேம் ஆன் யு என்றால் திட்டுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓ டியர் பிரிட்டிஷ் வாடை உள்ளது, கொஞ்சம் வயதானவர் வாய்க்குப் பொருந்தும். அமெரிக்க இளைஞன் ஒருவனின் அடடாவுக்கு அதை வைத்தால் அவன் தாத்தா பேசுவது போலக் கேட்கும். அவனுக்கு ஓ மேன் என்று வைக்கலாம்.

அடடாவில் டா இருக்கிறதே, மாமனாரிடம் சொல்லலாமா?

தாராளமாக. அந்த டா ஆளை விளிக்கும் டா இல்லை. 'அடடா, வாங்க மாமா' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெண்ணிடமும் அதே அடடாதான், அடடீ ஆவதில்லை. அடேய், அடியே, அடப்பாவி இவைதான் எதிரில் இருக்கும் ஆளைத் தொடுகின்றன. அவற்றை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துத்தான் ஆங்கிலம் தேட வேண்டும். நண்பன் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது வரும் 'அடப்பாவி' ஆங்கிலத்தில் பெரும்பாலும் நோ வே என்று ஆகிவிடும். அதில் பாவமும் இல்லை, திட்டும் இல்லை, நம்ப முடியாத வியப்புதான் இருக்கிறது.

டீமில் ஒருவர், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். நான் ஊப்ஸ் என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. நான் சொன்னது தப்பா?

ஆமாம், அந்த இடத்துக்கு அது பொருந்தாது. உங்கள் மனசில் இருந்தது ஐயோ என்பதும் தெரிகிறது. பெங்களூர் அலுவலகங்களில் இதை நிறையக் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊப்ஸ் சின்னத் தவறுக்கான ஒலி. காப்பி சிந்தியது, வேறு ஆளுக்கு மெயில் போனது, மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்தது. பெரும்பாலும் தவறு சொல்கிறவருடையதாகவே இருக்கும். அதற்குள் 'பெரிய விஷயம் இல்லை, சரிசெய்துவிடலாம்' என்ற பொருள் பொதிந்திருக்கிறது. ஒருவருடைய தந்தையின் நோய்க்கு அதைச் சொன்னால், அதை நீங்கள் காப்பிக் கறை அளவுக்குச் சுருக்கியதாக அவருக்குக் கேட்கும்.

அங்கே ஆங்கிலத்தில் வர வேண்டியது ஓ நோ, அதையொட்டி ஐ ஆம் ஸோ ஸாரி. ஸாரி கேட்க நான் என்ன தப்பு செய்தேன் என்று சிலர் கேட்பார்கள். இந்த ஸாரிக்கும் மன்னிப்புக்கும் தொடர்பில்லை. உங்கள் வருத்தத்தில் நானும் இருக்கிறேன் என்பதைத்தான் அது சொல்கிறது. தமிழில் ஐயோ ஒற்றைச் சொல்லாக நின்று இதைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் ஓ நோ மட்டும் போதாது, அடுத்த வாக்கியமும் வேண்டும். அவர் பேச்சைத் தொடரும்படி 'இப்போது எப்படி இருக்கிறார்' என்று ஒரு கேள்வியும் சேர்த்தால் சரியாக இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் ஊப்ஸின் உறவுக்கார ஒலி நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. நடை பழகும் குழந்தை பொத்தென்று உட்காரும்போது 'அச்சச்சோ, விழுந்துட்டியா செல்லம்' என்கிறோமே, அதற்கு ஊப்ஸி டெய்ஸி. இரண்டுமே 'அடி இல்லை, அழ வேண்டாம்' என்று குழந்தைக்குச் சொல்வதற்காக இருப்பவை.

ஐயோ பாவம் என்பது புவர் திங் தானே?

அந்த இடத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது சரி. 'ஐயோ பாவம், ரெண்டு பஸ் மாறி வர்றா' என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் புவர் திங் அழகாக உட்காரும். நாய்க்குட்டிக்கும் குழந்தைக்கும் நேராகவே சொல்லலாம். ஆனால் வளர்ந்த மனிதரின் முகத்துக்கு எதிரே சொன்னால் மேலிருந்து இரங்குகிற தொனி வந்துவிடும். தமிழிலும் நாம் அப்படிச் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நேரில் 'அடப்பாவமே, ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே' என்றுதான் சொல்வோம். அதற்கு ஆங்கிலம் ஓ, தட் மஸ்ட் ஹேவ் பீன் ஹார்ட். பாவம் என்ற சொல் எங்கும் தெரியாது, ஆனால் இரக்கம் அப்படியே வந்து சேரும்.

யாராவது பாராட்டும்போதும், இன்னொரு தோசை வைக்க வரும்போதும் ஐயோ என்கிறோம். அதையும் ஓ நோ என்று எழுதலாமா?

எழுதலாம். ஆனால் காற்புள்ளி வேண்டும். ஓ நோ என்று சேர்த்து எழுதினால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது. ஓ, நோ என்று இடையில் காற்புள்ளி வைத்தால் மறுப்பு. வாயில் சொல்லும்போதும் இந்த இடைவெளி கேட்கும். முதலாவதில் இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் விழும். இரண்டாவதில் ஓ கொஞ்சம் நின்று, நோ மென்மையாக இறங்கும்.

'ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க' என்ற பணிவுக்கு ஓ, நாட் அட் ஆல் என்றும் வைக்கலாம். பரிசுப் பொருளை நீட்டும்போது வருகிற 'ஐயோ, இதெல்லாம் எதுக்கு' என்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு தொடர் இருக்கிறது: ஓ, யு ஷுட்ன்ட் ஹேவ். தோசை விஷயத்தில் ஆங்கிலம் காரணம் கேட்கும். வெறும் ஓ, நோ சட்டென்று முறித்ததுபோல இருக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் ஐயோவில் உள்ள இதம் வரும்.

ஒரு உரையாடலை முழுதாக எடுத்து, எந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்று காட்ட முடியுமா?

இதற்காகவே ஒன்றை எழுதினேன். அல்சூரில் ஒரு மாடிக் குடியிருப்பு. தேவி அடுப்பில் பால் வைத்திருக்கிறாள். எப்போதாவது இறங்கி வரும் மேல்வீட்டு சரோஜாக்கா கதவைத் தட்டுகிறார்.

'அடடா, வாங்கக்கா! உள்ள வாங்க.'

'உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைன்னு வாட்ச்மேன் சொன்னாரே.'

'ஆமாக்கா, மூணு நாளா ஜுரம்.'

'அடடா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?'

'ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்.'

'என்னமோ தீயுற வாசனை வருதே.'

'ஐயய்யோ, பால்!'

தேவி ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறாள். அதற்குள் சரோஜாக்கா துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பிக்கிறார்.

'ஐயோ, நீங்க ஏன்க்கா... விடுங்க, நான் பாத்துக்கறேன்.'

முதல் அடடா மகிழ்ச்சி. எதிர்பாராத விருந்தாளி. லுக் ஹூ இஸ் ஹியர் என்று ஒரு தொடர் கைக்கு உடனே வரும், ஆனால் அதில் சம வயதினரின் கிண்டல் இருக்கிறது. தேவி மூத்தவரை வரவேற்கிறாள். ஓ, ஹௌ லவ்லி! கம் இன் என்று வைத்தேன். அக்கா என்ற முறையை அக்கா என்றே விட்டேன். ஆங்கிலத்தில் சரோஜா என்று பெயர் மட்டும் சொன்னால் வயது வேறுபாடே மறைந்துவிடும்.

இரண்டாவது அடடாதான் கடினம். அதில் வருத்தம் பாதி, உரிமையான கோபம் பாதி. 'எனக்குச் சொல்லாமல் விட்டாயே' என்பதுதான் உள்ளே இருப்பது. வாட் அ பிட்டி என்றால் சரோஜாக்கா தெருவில் போகிற ஆளாகிவிடுவார். ஓ டியர் வருத்தத்தை மட்டும் சொல்லும், உரிமையைச் சொல்லாது. நான் வைத்தது: ஓ, தேவி. ஒய் டிட்ன்ட் யு டெல் மீ? ஆங்கிலத்தில் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லி நிறுத்துவதிலேயே அந்தப் பாதிக் கோபம் வந்துவிடுகிறது. உணர்ச்சிக் குறியும் போடவில்லை, முற்றுப்புள்ளிதான். மொழிபெயர்க்க உட்காருகிறவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். தமிழில் உணர்ச்சியை இடைச்சொல் சுமக்கும் இடத்தில், ஆங்கிலத்தில் அதைப் பெயரோ அடுத்த வாக்கியமோ சுமக்கலாம். அடடாவுக்கு இணையை அடடாவின் இடத்திலேயே தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, 'ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்.' இது மரியாதையான மறுப்பு. ஓ, நோ, ஐ டிட்ன்ட் வான்ட் டு பாதர் யு. காற்புள்ளியோடு.

நான்காவது ஐயய்யோ. சொல் இரட்டித்ததும் பெரிய ஆபத்து என்று நினைத்து ஓ மை காட் வைக்கத் தோன்றும். பொங்கியது பால்தான். இங்கே இரட்டிப்பு அவசரத்தைக் காட்டுகிறது, அளவை அல்ல. ஓ நோ, த மில்க்! போதும். வாக்கியம் குறுகியிருப்பதே ஓட்டத்தைக் காட்டிவிடும். இதே ஐயய்யோ, கூட்டத்தில் குழந்தையைக் காணோம் என்று அறியும்போது வந்தால், அப்போது ஓ மை காட் சரி.

கடைசி ஐயோவில் கூச்சம். மூத்தவர் தன் வீட்டு அடுப்பங்கரையைத் துடைப்பதைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு ஓ நோ போட்டால் ஐந்தே நிமிடத்தில் மூன்றாவது முறை, வாசிப்பவர் சலித்துவிடுவார். ப்ளீஸ், டோன்ட். ஐ வில் டூ இட். இங்கே ஐயோ ப்ளீஸாக மாறியிருக்கிறது. அகராதியில் இந்த இணை கிடைக்காது, ஆனால் தேவி ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்திருந்தால் அந்த நொடியில் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

அழகைப் பார்த்து வரும் ஐயோவை எப்படிச் சொல்வது? வாவ் சரியா?

கம்பன் இராமனைப் பாடும்போது மையோ, மரகதமோ, கடலோ, முகிலோ என்று அடுக்கிக்கொண்டே வந்து, உவமை தீர்ந்துபோன இடத்தில் 'ஐயோ இவன் வடிவு' என்கிறான். இனி சொல்ல முடியவில்லை என்ற தவிப்பு அந்த ஐயோ. வாவ் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதில் உற்சாகம் உண்டு, தவிப்பு இல்லை. புதிய ஃபோனுக்கும் வாவ் சொல்லலாம்.

பேச்சில் 'ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு இந்தப் பாப்பா' என்பதற்கு ஓ மை குட்னஸ் நன்றாகப் பொருந்தும், அதில் தாங்க முடியாமை கொஞ்சம் இருக்கிறது. ஆவ்வ் என்று இழுப்பதும் உண்டு, அது குழந்தைக்கும் பூனைக்குட்டிக்கும்தான். கோபுரத்தைப் பார்த்தோ இராகத்தைக் கேட்டோ அப்படி இழுத்தால் பொருந்தாது. கம்பனின் ஐயோ போன்ற கனமான இடத்தில், வெறும் ஓ வைத்து வரியை உடைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆங்கிலக் கவிதையில் ஓ தனியாக நின்று மூச்சடைப்பைக் காட்டும் வலிமை உள்ளது.

உச் கொட்டுவதை ஆங்கிலத்தில் டட் டட் என்று எழுதலாமா?

ஒலி ஏறக்குறைய ஒன்றுதான், பொருள் பெரும்பாலும் வேறு. நாம் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ச்சு ச்சு' என்றால் இரக்கம்: விபத்துச் செய்தி கேட்டோம், விதவையின் கதை கேட்டோம். ஆங்கிலத்தில் டட் டட் அல்லது டிஸ்க் டிஸ்க் என்று எழுதினால் வாசகர் முதலில் காண்பது கண்டிப்பு. குழந்தை சேற்றுக் காலோடு வகுப்புக்குள் வந்ததற்குத் தலையாட்டுகிற ஆசிரியை அங்கே தெரிவார். துக்க வீட்டுக் காட்சியில் இப்படி எழுதிவிட்டால், வந்தவர்கள் எல்லோரும் இறந்தவரைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். அங்கே ஒலியை விட்டுவிட்டுச் செயலை எழுதுங்கள்: அவள் வருத்தத்தோடு தலையசைத்தாள் என்று.

இதைச் சரிபார்க்க எளிய வழி, அந்த வரியை மட்டும் தமிழ் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, 'இவர் யார் பக்கம்' என்று கேட்பது. அவர் தயங்கினால் மாற்ற வேண்டியிருக்கிறது.

அப்பாடா, அம்மாடி, அப்பப்பா, ச்சே, போச்சு: இவற்றுக்கு?

அப்பாடாவுக்கு ஃப்யூ கிட்டத்தட்ட முழுப் பொருத்தம், இரண்டிலும் மூச்சு வெளியே போகிறது. ஆனால் வேலை முடித்து நாற்காலியில் சாய்ந்து வருகிற அப்பாடாவுக்கு ஆ என்ற நீண்ட ஒலி மேல். அம்மாடியோ அளவு அல்லது விலையைக் கேட்ட மலைப்பு. வோ என்று குரலை இறக்கிச் சொல்லும் ஒலி ஒத்துவரும். அப்பப்பாவில் மிகுதியின் களைப்பு இருக்கிறது: 'அப்பப்பா, என்ன டிராஃபிக்.' சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து வந்தவர் ஆங்கிலத்தில் காட், தட் டிராஃபிக் என்பார். ச்சே தன்மேல் என்றால் டாம், சூழ்நிலைமேல் என்றால் அக். போச்சு கெட்டது தெரியவரும் தருணம், அதற்கு அ-ஓ. மேனேஜர் கதவைத் திறக்கும் நொடியில் இரண்டும் ஒரே பொருள்தான்.

பெங்களூர் ஆபீஸில் எல்லோரும் ஐயோ என்கிறார்களே, அப்படியே சொல்லிவிட்டுப் போனால் என்ன?

பேச்சில் ஒன்றும் கெடாது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அய்யோ இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்களும் ஒரு வருடத்தில் பழகிவிடுகிறார்கள். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் ஐயோவைச் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலக் கதையில் ஒரு பெங்களூர்ப் பாத்திரம் ஐயோ என்று சொல்வதை இன்று எந்தப் பதிப்பாசிரியரும் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை.

எல்லை எங்கே வருகிறதென்றால், கேட்பவருக்கு அந்தச் சொல்லின் ஒரு நிறம் மட்டும் தெரியும். வெளியூர் ஆள் பெரும்பாலும் அதைச் சலிப்பு என்று கற்றுக்கொண்டிருப்பார். லண்டன் வாடிக்கையாளர் உங்கள் வேலையைப் பாராட்டும்போது நீங்கள் பணிவாக ஐயோ என்றால், அவர் பாராட்டு உங்களுக்குத் தொல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பணிவு, மறுப்பு, வியப்பு ஆகிய மூன்று ஐயோக்களையும் அவருக்கு மொழிபெயர்த்தே சொல்லுங்கள். அடடாவுக்கு இந்த வசதியே இல்லை. தமிழ் தெரியாதவருக்கு அது வெறும் ஒலிதான்.

சப்டைட்டில் எழுதுகிறேன். ஒவ்வொரு ஐயோவையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். பார்ப்பவருக்குக் குரல் கேட்கிறது, முகம் தெரிகிறது. ஒரு வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்து, மொத்தம் இரண்டு வரி என்ற வழக்கமான அளவுக்குள் விஷயத்தை அடக்க வேண்டும். 'ஐயோ, கேஸ் தீந்துபோச்சு' என்பதில் தகவல் கேஸ் தீர்ந்ததுதான். ஐயோவை நடிகரின் குரலுக்கு விட்டுவிடலாம்.

எழுத வேண்டிய இடம் இரண்டு. ஐயோ மட்டுமே பதிலாக நிற்கும்போது ஒன்று: 'சம்மதமா?' 'ஐயோ!' இங்கே அது ஆமாமா, இல்லையா என்று பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் காட்சி புரியாது. ஆங்கிலத்தில் நோ வே என்றோ ஆஃப் கோர்ஸ் என்றோ முடிவெடுத்து எழுதத்தான் வேண்டும். இன்னொன்று, குரலும் பொருளும் எதிராக இருக்கும்போது. பாட்டி திட்டுகிற தொனியில் 'அடடா, என் தங்கம்' என்று கொஞ்சினால், எழுத்தில் கொஞ்சல் தெரியாவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளர் சண்டை என்று நினைப்பார்.

என் மகள் எல்லாவற்றுக்கும் ஓ மை காட் என்கிறாள். பென்சில் உடைந்தாலும் அதுதான். மாற்ற முடியுமா?

தடுத்தால் பயன் குறைவு, கூடவே வேறொன்று கொடுத்தால் எடுத்துக்கொள்வாள். பென்சிலுக்கு ஓ நோ, தண்ணீர் கொட்டினால் ஊப்ஸ், தோழி அழுதால் ஆர் யு ஓகே. கடவுள் பெயரை வியப்புக்குப் பயன்படுத்துவது பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் சிலருக்குப் பிடிக்காது, பள்ளியில் அப்படி ஒரு ஆசிரியை இருக்கலாம். அதற்காக ஓ மை குட்னஸ் என்ற மாற்றையும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் நீங்கள் ஐயோவையும் அடடாவையும் இடம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருங்கள். அவள் தம்பி விழும்போது ஐயோவும், எதிர்வீட்டுப் பையன் விழும்போது அடடாவும் தானாக வரத் தொடங்கினால், இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவள் பிடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.